அடிக்குறிப்பு எண் இருந்தால் போதுமா?

விக்கிபீடியா கட்டுரையை எடைபோடும் முறை

பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் மூன்றாம் படிவ மாணவி ஒருத்திக்கு வரலாற்றுப் பாடத்தில் ஓர் இடுபணி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள இரண்டு இடங்களைப் பற்றி அவள் எழுத வேண்டும். ஒன்று பத்துமலை, மற்றொன்று அவள் வாழும் பிரிக்பீல்ட்ஸ். கணினியைத் திறந்து தேடினால் முதலில் வந்து நிற்பது விக்கிபீடியா. "பத்துமலை முருகன் சிலை உலகிலேயே மிக உயரமான முருகன் சிலை" என்று ஒரு வரி கண்ணில் படுகிறது. வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் ஒரு சிறிய எண். எண் இருக்கிறது, ஆகவே சான்று இருக்கிறது என்று அவள் அந்த வரியை அப்படியே எழுதிக் கொள்கிறாள்.

அவள் செய்தது பாதி வேலைதான். அந்த எண் சான்று அல்ல. "சான்று இன்ன இடத்தில் இருக்கிறது" என்று யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். சொன்னது உண்மையா என்று போய்ப் பார்க்க வேண்டியது படிப்பவரின் பொறுப்பு.

விக்கிபீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. தமிழ் விக்கிபீடியா 2003இல் பிறந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே அதன் அடிப்படை. இதைக் கேட்டவுடன் "அப்படியானால் நம்பவே கூடாது" என்று சிலர் ஒதுக்கி விடுகிறார்கள். "இத்தனை பேர் பார்க்கிறார்களே, தவறு இருக்குமா?" என்று வேறு சிலர் முழுதாக நம்பி விடுகிறார்கள். இரண்டுமே ஒரு கட்டுரையைச் சோதித்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவுகள். சோதிப்பதற்கு வேண்டிய இரண்டு கருவிகளை விக்கிபீடியாவே ஒவ்வொரு பக்கத்திலும் வைத்திருக்கிறது. ஒன்று கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியல். மற்றொன்று அந்தக் கட்டுரையின் திருத்த வரலாறு.

சான்றின் தேதியைப் பாருங்கள்

முதலில் பத்துமலைச் சிலையையே எடுத்துக் கொள்ளலாம். 42.7 மீட்டர், அதாவது 140 அடி உயரமுள்ள அந்தச் சிலை 2006ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. அப்போது அதைவிட உயரமான முருகன் சிலை உலகில் இல்லை. நாளேடுகள் அப்படித்தான் எழுதின, சரியாகவே எழுதின.

ஆனால் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், ஏத்தாப்பூர் அருகிலுள்ள புத்திரகவுண்டன்பாளையத்தில், முத்துமலை முருகன் சிலைக்குக் குடமுழுக்கு நடந்தது. அதன் உயரம் 146 அடி. அன்றே பத்துமலைச் சிலை அந்த முதலிடத்தை இழந்து விட்டது.

இப்போது மாணவி கண்ட அந்தச் சிறிய எண்ணைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். சொடுக்கினால் பக்கத்தின் அடிப்பகுதியில் உள்ள குறிப்புக்குக் கண் போகும். அங்கே ஒரு நாளேட்டின் பெயர், செய்தியின் தலைப்பு, தேதி ஆகியவை இருக்கும். அந்தத் தேதி 2006 என்றோ 2015 என்றோ இருந்தால் என்ன பொருள்? செய்தி எழுதியவர் பொய் சொல்லவில்லை. விக்கிபீடியாவில் அதை மேற்கோள் காட்டியவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வரி இன்றைக்குத் தவறு. 2022 ஏப்ரலுக்கு முன் வெளிவந்த எந்தச் செய்தியும் அதற்குப் பின்னுள்ள நிலைக்குச் சான்றாக முடியாது.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஒரு குறிப்பில் பெரும்பாலும் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று செய்தி வெளிவந்த நாள். மற்றொன்று விக்கிபீடியாவில் எழுதியவர் அந்தச் செய்தியை இணையத்தில் எடுத்துப் பார்த்த நாள். ஆங்கிலப் பக்கங்களில் இந்த இரண்டாவது தேதிக்கு முன்னால் Retrieved என்ற சொல் இருக்கும். 2006இல் வெளிவந்த செய்தியை ஒருவர் 2023இல் எடுத்துப் பார்த்திருந்தால் குறிப்பின் கடைசியில் 2023 என்றுதான் நிற்கும். அவசரமாகப் பார்ப்பவர் அது புதிய செய்தி என்று எண்ணி விடுவார். சான்றின் வயதைச் சொல்வது வெளிவந்த தேதிதான், எடுத்துப் பார்த்த தேதி அல்ல.

"மிக உயரமான", "மிகப் பெரிய", "இப்போதைய தலைவர்", "மொத்த மக்கள்தொகை" போன்ற சொற்கள் வரும் வரிகளில் எல்லாம் இந்தத் தேதிச் சோதனை தேவைப்படும். ஏனென்றால் இவை காலத்தோடு மாறுபவை. ஆனால் "சிலை 2006இல் திறக்கப்பட்டது" என்ற வரி மாறாது. அதற்கு 2006ஆம் ஆண்டின் செய்தியே சிறந்த சான்று. ஆகவே பழைய சான்று எல்லாம் கெட்ட சான்று என்று பொருளில்லை. எந்தச் செய்திக்கு அது சான்றாக நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

அந்த நூல் உண்மையில் இருக்கிறதா?

சான்று பழையதாக இருந்தால் தேதி காட்டிக் கொடுத்து விடும். சான்றே இல்லாவிட்டால்? இதற்கு நம் பக்கத்திலேயே, இந்தியாவின் கோவாவைப் பற்றிய ஒரு கட்டுரை மறக்க முடியாத பாடமாக இருக்கிறது.

2007ஆம் ஆண்டு ஜூலையில் ஆங்கில விக்கிபீடியாவில் "பிச்சோலிம் போர்" பற்றி ஒரு கட்டுரை எழுதப்பட்டது. பிச்சோலிம் என்பது கோவாவில் உண்மையாகவே உள்ள ஊர். 1640 முதல் 1641 வரை போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் அங்கே போர் நடந்ததாகவும், கடைசியில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டதாகவும் கட்டுரை விவரித்தது. ஏறக்குறைய 4,500 சொற்கள். வரிக்கு வரி அடிக்குறிப்புகள், நூற்பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சில மாதங்களுக்குள் அதற்கு "நல்ல கட்டுரை" என்ற முத்திரையும் கிடைத்தது.

அப்படி ஒரு போரே நடக்கவில்லை. கட்டுரை முழுவதும் யாரோ ஒருவரின் கற்பனை. 2012ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அது நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் அது உலகத்தின் கண்முன்னே நின்றது. பிடித்தது எப்படி? விக்கிபீடியாவில் எழுதும் ஒருவர் அந்த அடிக்குறிப்புகளில் சொல்லப்பட்ட நூல்களைத் தேடிப் பார்த்தார். நூல்கள் கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம், அவை எழுதப்படவே இல்லை.

நூலகத்துக்குப் போகாமலேயே ஐயப்படுவதற்கு ஓர் இடம் அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. சிவாஜி பிறந்தது 1630இல் என்பது பெரும்பாலோர் ஏற்கும் ஆண்டு. அப்படியானால் 1640இல் அவருக்குப் பத்து வயது. அவர் முடிசூட்டிக் கொண்டது 1674இல். பத்து வயதுச் சிறுவனின் காலத்தில் "மராட்டியப் பேரரசு" எங்கிருந்து போருக்கு வந்தது? இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் கட்டுரை அன்றே ஆட்டம் கண்டிருக்கும். அடிக்குறிப்புகளின் எண்ணிக்கையே வாசகர்களின் வாயை அடைத்து விட்டது.

ஆகவே ஒரு நூல் சான்றாகக் காட்டப்பட்டால் முதலில் அந்த நூல் உண்டா என்று பார்க்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் போதும். கோலாலம்பூரில் உள்ள தேசிய நூலகத்தின் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். உலக நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாகத் திரட்டித் தரும் வேர்ல்ட்கேட் என்ற தளத்தில் நூலின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ இட்டுப் பார்க்கலாம். ஒரு பட்டியலில் இல்லை என்பதற்காக உடனே பொய் என்று முடிவு கட்டக் கூடாது. நம் நாட்டில் தோட்டப்புறத் தமிழர்களைப் பற்றி எழுதப்பட்ட சிறு நூல்கள், ஆலய மலர்கள் பலவும் பெரிய பட்டியல்களில் ஏறாமலேயே இருக்கின்றன. ஆனால் ஆக்ஸ்போர்டு போன்ற பெரிய பதிப்பகம் வெளியிட்டதாகச் சொல்லப்படும் நூல் எந்த நூலகத்திலும் இல்லை என்றால் அது பலமான எச்சரிக்கை.

நூல் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. அந்த நூல் இதைத்தான் சொல்கிறதா? பக்க எண் கொடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். "அங்கே கோயில் இருந்ததாகச் சிலர் கூறுவர்" என்று நூலில் இருப்பது கட்டுரையில் "அங்கே கோயில் இருந்தது" என்று மாறியிருக்கும். இது ஏமாற்று அல்ல, கவனக்குறைவு. ஆனால் இந்தக் கவனக்குறைவுதான் அடிக்கடி நடப்பது. முந்நூறு பக்க நூலுக்குப் பக்க எண் இல்லாமல் குறிப்பு இருந்தால், அதை எழுதியவரே அந்தப் பக்கத்தைப் பார்த்தாரா என்ற ஐயம் எழுவது நியாயமே.

இணையச் செய்தியைச் சான்று காட்டியிருந்து அந்த இணைப்பு இப்போது திறக்கவில்லை என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டியதில்லை. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற அமைப்பு பழைய அகப்பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைத்திருக்கிறது. பல குறிப்புகளில் அந்த நகலுக்கான இணைப்பும் சேர்த்தே தரப்பட்டிருக்கும்.

முந்தியது எது, பிந்தியது எது?

சான்று இருக்கிறது. சான்று அதையேதான் சொல்கிறது. அப்போதாவது நம்பலாமா? அப்போதும் ஒரு சிக்கல் வரலாம்.

தென்னமெரிக்காவில் கோவாட்டி என்று ஒரு பிராணி உண்டு. நீண்ட மூக்கும் வளையம் வளையமான கோடுகள் கொண்ட வாலும் உடையது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக ஆங்கில விக்கிபீடியாவில் அந்தப் பிராணிக்குப் "பிரேசிலிய ஆர்ட்வார்க்" என்ற பெயரும் உண்டு என்று சில சொற்களைச் சேர்த்து விட்டார். ஆர்ட்வார்க் என்பது ஆப்பிரிக்காவில் வாழும், கோவாட்டியோடு உறவே இல்லாத வேறொரு விலங்கு. சேர்த்தபோது எந்தச் சான்றும் இல்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பிரிட்டனில் சில நாளேடுகள் கோவாட்டி பற்றிச் செய்தி எழுதியபோது அந்தப் புதுப் பெயரையும் போட்டன. பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றின் நூலிலும் அது ஏறிவிட்டது. அடுத்து, விக்கிபீடியாவில் அந்த வரிக்குச் சான்றாக ஒரு நாளேட்டுச் செய்தியே அடிக்குறிப்பில் வந்து உட்கார்ந்தது. விக்கிபீடியாவைப் பார்த்து நாளேடு எழுதியது, நாளேட்டைக் காட்டி விக்கிபீடியா தன்னை உறுதிப்படுத்திக் கொண்டது. 2014இல் தி நியூயார்க்கர் இதழ் இந்தக் கதையை வெளியிடும் வரை ஆறு ஆண்டுகள் இந்த வட்டம் சுற்றியது.

இங்கே அடிக்குறிப்பைச் சொடுக்கினால் உண்மையான நாளேடு கிடைக்கும், உண்மையான செய்தி கிடைக்கும், அந்தப் பெயரும் அதில் இருக்கும். மேற்கோள் சோதனை ஒன்றை மட்டும் செய்பவர் இதில் தோற்றுப் போவார். வட்டத்தை உடைக்கும் கேள்வி ஒன்றுதான்: கட்டுரையில் அந்த வரி எப்போது நுழைந்தது, சான்று எப்போது வெளிவந்தது? வரி 2008இலும் சான்று அதற்குப் பின்பும் என்றால், அந்தச் சான்றுக்கு ஊற்று விக்கிபீடியாவாகவே இருக்கலாம். இந்தக் கேள்விக்கு விடை தருவது திருத்த வரலாறு.

வரலாற்றுப் பக்கத்தைப் படிக்கும் முறை

ஆங்கில விக்கிபீடியாவில் கட்டுரையின் மேற்பகுதியில் View history என்றும், தமிழில் "வரலாற்றைக் காட்டவும்" என்றும் ஓர் இணைப்பு இருக்கும். கைப்பேசியில் பார்த்தால் கட்டுரையின் அடியில் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று ஒரு வரி வரும். அதைத் தொட்டால் அதே பட்டியல் திறக்கும்.

பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு திருத்தம். புதியது மேலே, பழையது கீழே. முதலில் நேரமும் தேதியும் இருக்கும். கணக்கில்லாமல் பார்ப்பவருக்கு அந்த நேரம் உலகப் பொது நேரப்படி காட்டப்படும், மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி முன்னதாக ஓடும். அடுத்து திருத்தியவரின் பெயர். கணக்குத் தொடங்காமல் எழுதியவர் என்றால் பழைய திருத்தங்களில் அவருடைய இணைய முகவரி எண் நிற்கும். அண்மைய திருத்தங்களில் அதற்குப் பதிலாக ~ என்ற குறியுடன் தொடங்கும் தற்காலிகப் பெயர் இருக்கலாம். அதற்கும் அடுத்து, கூட்டல் அல்லது கழித்தல் குறியுடன் ஓர் எண். கட்டுரை எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதை அது காட்டுகிறது.

அந்த எண் எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, பைட் அளவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் "க" என்பதற்கு மூன்று பைட், "கி" என்றால் எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் சேர்த்து ஆறு பைட். ஆகவே தமிழ்க் கட்டுரையில் +300 என்று கண்டால் பெரிய சேர்க்கை என்று எண்ணிவிடக் கூடாது. அது ஒரு சிறு வாக்கியமாக மட்டுமே இருக்கலாம்.

பட்டியலில் உள்ள தேதியைச் சொடுக்கினால் அன்று அந்தக் கட்டுரை எப்படி இருந்ததோ அப்படியே திறக்கும். இரண்டு வரிகளைத் தேர்ந்து ஒப்பிடச் சொன்னால், பழையது இடப்பக்கமும் புதியது வலப்பக்கமுமாக, மாறிய சொற்கள் மட்டும் நிறம் காட்டி நிற்கும்.

இப்போது ஐயத்துக்குரிய வரி எப்போது நுழைந்தது என்று தேட வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஆயிரம் திருத்தங்கள் இருந்தால் ஆயிரத்தையும் திறக்க வேண்டுமா? வேண்டாம். நடுவில் உள்ள ஒரு பழைய வடிவத்தைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரி அதற்கு முன்பே வந்து விட்டது, முன்பாதியின் நடுவைத் திறக்கலாம். இல்லையென்றால் பின்பாதியின் நடுவைத் திறக்கலாம். இப்படி ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துக் கொண்டே போனால் ஆயிரம் திருத்தங்களுக்கு ஏறக்குறைய பத்து முறை திறந்தால் போதும். ஆங்கில விக்கிபீடியாவின் வரலாற்றுப் பக்கத்தின் மேலே Find addition/removal என்ற இணைப்பும் உண்டு. அங்கே சொற்றொடரை இட்டால் அது நுழைந்த திருத்தத்தைக் கருவியே தேடித் தரும்.

ஒரு எச்சரிக்கை. இடையில் யாராவது பக்கத்தை அழித்துவிட்டு, பிறகு வேறொருவர் மீட்டிருந்தால் அந்த வரி மறைந்து மீண்டும் தோன்றியிருக்கும். அப்போது பாதியாகக் குறைக்கும் முறை தவறான இடத்தில் கொண்டு போய் நிறுத்தலாம். ஆகவே வரி நுழைந்ததாகத் தெரியும் இடத்துக்கு முன்னால் இன்னும் சில வடிவங்களையும் திறந்து பார்ப்பது நல்லது.

வரி நுழைந்த திருத்தத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். வரியோடு சான்றும் ஒரே நேரத்தில் வந்ததா, அல்லது வரி முதலில் வந்து ஆண்டுகள் கழித்துச் சான்று ஒட்டப்பட்டதா? சேர்த்தவர் வேறு கட்டுரைகளிலும் எழுதியிருக்கிறாரா, அல்லது இந்த ஒன்றுக்காக மட்டும் வந்து போனவரா? அவர் பெயரைச் சொடுக்கி அவருடைய பங்களிப்புகளின் பட்டியலைப் பார்த்தால் தெரிந்து விடும். அந்த வரியை யாராவது நீக்கி, மறுபடி சேர்க்கப்பட்டிருக்கிறதா? அப்படியானால் அங்கே சர்ச்சை இருக்கிறது என்று பொருள். கட்டுரையோடு இணைந்த "உரையாடல்" பக்கத்தில் அந்தச் சர்ச்சையின் காரணம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸின் செங்கல் சூளை

இனி மாணவியின் இரண்டாவது பக்கத்துக்கு வரலாம். பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் செங்கல் சூளைகளால் வந்தது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சூறையாடின. மரமும் அத்தாப்பும் கொண்ட வீடுகள் நாசமாயின. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தச் செங்கற்களை அறுத்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

சூளையைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் மட்டும் இரண்டு விடைகள் வரும். கப்பித்தான் யாப் ஆ லோய் அதற்கென நிலம் வாங்கினார் என்று சில இடங்களில் எழுதப்படுகிறது. கப்பித்தான் யாப் குவான் செங் சூளை வைத்தார் என்று வேறு சில இடங்களில் எழுதப்படுகிறது. இரண்டு பெயருமே யாப் என்று தொடங்குவதால் படிப்பவர்கள் இது ஒரே ஆள் என்று கூட எண்ணி விடுகிறார்கள்.

ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். யாப் ஆ லோய் 1885இல் காலமானார். அவருக்குப் பின் யாப் ஆ ஷாக் கப்பித்தான் ஆனார். யாப் குவான் செங் அவருக்கும் பின்னால் வந்தவர், கோலாலம்பூரின் கடைசிக் கப்பித்தான், 1902இல் காலமானார். ஆகவே 1881க்குப் பின் நகரை மீண்டும் கட்டிய முதல் சில ஆண்டுகளைப் பற்றிய செய்தி என்றால் அப்போது கப்பித்தானாக இருந்தவர் யாப் ஆ லோய்தான். ஆனால் யாப் குவான் செங் கப்பித்தான் ஆவதற்கு முன்பே வணிகராகச் சூளை நடத்தியிருக்கலாம், அல்லது பின்னர் புதிய சூளை ஒன்றைத் தொடங்கியிருக்கலாம். இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று பொய்யாக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆண்டு குறிப்பிடாமல் எழுதியதே குழப்பத்துக்குக் காரணம்.

மாணவி இங்கே என்ன செய்யலாம்? இரண்டு வரிகளின் அடிக்குறிப்புகளையும் சொடுக்கிப் பார்க்கலாம். ஒன்றின் சான்று வரலாற்று நூலாகவும் மற்றொன்றின் சான்று சுற்றுலாக் கையேடாகவும் இருந்தால், எடை ஒன்றாக இருக்காது. சுற்றுலாக் கையேடு எந்த நூலிலிருந்து எடுத்தது என்று சொல்லாது, வரலாற்று நூல் சொல்லும். இரண்டுமே 2005க்குப் பின் எழுந்த இணையக் கட்டுரைகள் என்றால், வட்டமாகச் சுற்றி வந்த செய்தியா என்று வரலாற்றுப் பக்கத்தில் தேட வேண்டும். அதற்கு மேலும் போக விரும்பினால், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற தளத்தில் பழைய மலாயா நாளேடுகளின் பக்கங்களைத் தேடலாம். 1880களின் கோலாலம்பூர் செய்திகளை அன்றைய நாளேட்டிலேயே படிக்கலாம். விக்கிபீடியா பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான வரி அதைப் பார்த்து எழுதப்பட்டிருக்க முடியாது அல்லவா?

இவ்வளவும் செய்த பிறகும் விடை கிடைக்காவிட்டால் இரண்டு செய்திகளையும் எழுதி, எது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்று குறிப்பிட்டால் போதும். அது குறையல்ல, நேர்மையான வரலாறு அப்படித்தான் எழுதப்படுகிறது.

தமிழ்ப் பக்கத்தைப் படிக்கும்போது

ஆங்கிலத்தில் பார்த்த செய்தி தமிழிலும் மலாயிலும் இருக்கிறது, ஆகவே மூன்று சாட்சிகள் என்று சிலர் எண்ணுகிறார்கள். தமிழ்க் கட்டுரைகளில் பல ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. அடிக்குறிப்பும் அதோடு சேர்ந்தே வந்திருக்கும். இரண்டு பக்கங்களிலும் ஒரே குறிப்பு இருந்தால் சாட்சி ஒன்றுதான். ஆங்கிலப் பக்கம் பின்னர் திருத்தப்பட்டாலும் தமிழ்ப் பக்கம் மொழிபெயர்த்த நாளில் இருந்தபடியே நின்று விடுவதும் உண்டு. தமிழ்ப் பக்கத்தின் வரலாற்றில் முதல் வரியின் தேதியைப் பார்த்தால் எந்தக் காலத்து ஆங்கிலப் பக்கத்தின் நிழல் அது என்று ஊகிக்கலாம்.

திருத்த வரலாறு சொல்லாத ஒன்றும் உண்டு. ஒரு வரி நெடுநாள் அழியாமல் நிற்கிறது என்பதால் அது பலரால் சோதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. யாரும் பார்க்காததாலும் நின்றிருக்கலாம். பிச்சோலிம் போர் ஐந்தரை ஆண்டுகள் நின்றது அப்படித்தான். உலகமே பார்க்கும் கட்டுரையில் தவறு சில நிமிடங்களில் பிடிபடலாம். கிள்ளானில் உள்ள ஒரு பழைய ஆலயத்தைப் பற்றிய கட்டுரைக்கு ஆண்டு முழுவதும் மூன்றே திருத்தங்கள் இருந்தால் அங்கே காவல் இல்லை. அந்தக் கட்டுரையில் சோதிக்கும் பொறுப்பு முழுக்கப் படிப்பவரிடமே இருக்கிறது.

நம் சமூகத்துக்கு இது சிறிய விஷயமல்ல. இந்நாட்டுத் தமிழர்களின் ஆலயங்கள், பள்ளிகள், தோட்டங்கள் பற்றி அச்சில் இருப்பவை குறைவு. ஒரு கட்டுரையில் ஆலயம் எழுந்த ஆண்டு தவறாக ஏறுகிறது என்று வைத்துக் கொள்வோம். குடமுழுக்கு மலர் தயாரிப்பவர்கள் அதைப் பார்த்து அச்சிடுகிறார்கள். மறு ஆண்டு அந்த மலரே கட்டுரைக்கு அடிக்குறிப்பாகிறது. எதிர்த்துச் சொல்ல வேறு நூல் இல்லை என்றால் தவறான ஆண்டே ஆலயத்தின் வரலாறாகி விடும். உண்மை ஆண்டு தெரிந்த முதியவர் அதற்குள் மறைந்திருப்பார். மலர் அச்சுக்குப் போகும் முன் அந்தச் சிறிய எண்ணை ஒருவர் சொடுக்கிப் பார்த்திருந்தால் இந்த வட்டம் தொடங்கியே இருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் மாணவியின் இடுபணியில் பத்துமலையைப் பற்றிய வரி இப்போது இப்படி மாறியிருக்கும்: "2006இல் திறக்கப்பட்டபோது உலகின் மிக உயரமான முருகன் சிலையாக இருந்தது, 2022இல் சேலம் மாவட்டத்து முத்துமலைச் சிலை அதை மிஞ்சியது." முதலில் எழுதியதைவிட ஒரு வரி நீளம்தான். ஆனால் இதற்குப் பின்னால் உள்ள சான்றுகள் எவை, எந்தத் தேதியில் வந்தவை என்று ஆசிரியர் கேட்டால் அவளால் எடுத்துக் காட்ட முடியும்.